மேலாளர் மாறிவிட்டார், 3 வருடமாகக் குறியீட்டுக்குப் பின்னால்: இந்த ஃபண்டை விற்பதா, வைத்திருப்பதா?

#1 செல்வம்_சிவகாசி

வணக்கம். ஒரு ஃப்ளெக்ஸி கேப் ஃபண்டில் 7 வருடம் 3 மாதமாக எஸ்.ஐ.பி போகிறது, மாதம் 8,000 ரூபாய். வாங்கும்போது அது மலிவு விலைப் பங்குகளைத் தேடி வாங்கும் ஃபண்டு என்று பெயர் எடுத்திருந்தது. அரசு வங்கி, மின்சாரம், நிலக்கரி, கட்டுமானம் என்று போர்ட்ஃபோலியோ இருக்கும். அதற்காகத்தான் வாங்கினேன்.

கடைசி 3 வருட ரிட்டர்ன் நிஃப்டி 500 டி.ஆர்.ஐ-யைவிட, அதாவது டிவிடெண்டும் சேர்த்த குறியீட்டைவிட, ஆண்டுக்கு 2.2% குறைவு. ஏப்ரலில் ஃபண்டு மேலாளர் வேலையை விட்டுவிட்டார், புது ஆள் வந்திருக்கிறார். ஒரு வருடம் தாண்டிய 75 தவணைகளுக்கு நான் போட்டது 6 லட்சம், இன்றைய மதிப்பு 10 லட்சம். கடைசி 12 தவணை தனி.

விற்றால் வரி போகும் என்று தயக்கம். வைத்திருந்தால் இன்னும் பின்தங்குமோ என்று கவலை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பாலா_கோவை

இதில் யோசிக்க ஒன்றுமில்லை சார். 3 வருடம் குறியீட்டை முந்தாத ஃபண்டு எதற்கு? மேலாளரும் போய்விட்டார். மேலாளர் மாறினால் 30 நாள் எக்ஸிட் லோட் என்ற வெளியேறும் கட்டணம் இல்லாமல் வெளியேற வாய்ப்பு கொடுப்பார்கள். அந்த அறிவிப்புக் கடிதம் வந்திருக்கும், மெயிலில் தேடிப் பாருங்கள்.

#3 நிதிக்கணக்கு_உமா

பாலா சொன்னதில் ஒரு திருத்தம். அந்த 30 நாள் வாய்ப்பு மேலாளர் மாறுவதற்குக் கிடையாது. திட்டத்தின் அடிப்படைத் தன்மை மாறும்போது, அதாவது திட்டத்தின் வகை, நோக்கம், எதில் எத்தனை சதவீதம் போடலாம் என்ற வரம்பு மாறும்போதுதான் அப்படி லோட் இல்லாமல் வெளியேற விட வேண்டும் என்பது செபி விதி. இன்னொரு திட்டத்தோடு இணைக்கும்போதும் உண்டு. மேலாளர் மாற்றத்துக்கு ஃபண்டு ஹவுஸ் இணையதளத்தில் ஒரு திருத்த அறிவிப்பு போடுவார்கள், அவ்வளவுதான். அந்த 30 நாளில் வெளியேறினாலும் லோட்தான் இல்லை, வரி வழக்கம்போல உண்டு.

செல்வம் சார், உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பின்தங்கல் ஒன்று, மேலாளர் மாற்றம் ஒன்று, வரி ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் விடை தானாக வரும். முதலில் ஒரு கேள்வி: நீங்கள் வைத்திருப்பது ரெகுலர் பிளானா, டைரக்ட் பிளானா?

#4 செல்வம்_சிவகாசி

ரெகுலர் மேடம். வங்கி மூலமாக ஆரம்பித்தது. 2.2% என்று சொன்னதும் ரெகுலர் பிளான் என்.ஏ.வி-யை வைத்துப் பார்த்ததுதான்.

#5 நிதிக்கணக்கு_உமா

அதே ஃபண்டின் டைரக்ட் பிளான் 3 வருட ரிட்டர்ன் என்ன என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் விநியோகஸ்தருக்குப் போகும் கமிஷன். அது மேலாளரின் திறமைக் குறைவு அல்ல. மேலாளரை எடைபோட டைரக்ட் பிளானைத்தான் டி.ஆர்.ஐ-யோடு ஒப்பிட வேண்டும்.

#6 செல்வம்_சிவகாசி

பார்த்தேன். டைரக்ட் பிளானின் பின்தங்கல் 1.3%. அப்படியென்றால் என் 2.2-ல் 0.9 கமிஷன்!

#7 முத்துக்குமார்_எம்எஃப்டி

நான் விநியோகஸ்தர். கமிஷன் என்று சொல்லி எல்லாரையும் டைரக்டுக்குத் துரத்துவது எனக்கு உடன்பாடில்லை. 2020 மார்ச்சில் பதறி விற்க வந்தவர்களை உட்கார வைத்துப் பேசியவர்களும் நாங்கள்தான். அது இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். 3 வருடம் பின்தங்கினால் விற்றுவிடு என்பது ஆபத்தான விதி. எச்டிஎஃப்சி ஈக்விட்டி ஃபண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் ஃப்ளெக்ஸி கேப் என்று பெயர் மாறியது அதுதான். பிரசாந்த் ஜெயின் அதைப் பல வருடம் நடத்தினார். 2018-க்குப் பிறகு சந்தை முழுக்க விலை உயர்ந்த தரமான நுகர்பொருள் பங்குகள் பின்னால் ஓடியபோது, அவர் ஸ்டேட் பேங்க், ஐசிஐசிஐ பேங்க், எல் அண்ட் டி, என்டிபிசி என்று உட்கார்ந்திருந்தார். 2020-ல் நிஃப்டி 500-ஐவிட வெகுவாகப் பின்தங்கினார். மூத்த முதலீட்டாளர்கள்கூட அப்போது விற்றார்கள். 2021-ல் அந்தப் பங்குகள் எழுந்தன, 2021, 2022 இரண்டு வருடமும் ஃபண்டு குறியீட்டை முந்தியது. 2020 கடைசியில் பாலா சாரின் விதியைப் பின்பற்றியவர் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?

#8 பாலா_கோவை

சரி, அது ஒரு உதாரணம். அதேபோல எழவே எழாத ஃபண்டுகளும் எத்தனையோ. எல்லாரும் "ஸ்டைல் இப்போது எடுபடவில்லை, பொறுங்கள்" என்றுதான் சொல்வார்கள். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

#9 நிதிக்கணக்கு_உமா

பாலா, முத்துக்குமார் இருவருக்கும் சேர்த்து விடை சொல்லக்கூடிய கேள்வி இது. அந்த ஸ்டைலுக்கே ஒரு குறியீடு இருந்தால் அதோடு ஒப்பிட வேண்டும். மலிவு விலைப் பங்குகளுக்கு நிஃப்டி 500 வேல்யூ 50 என்று ஒரு குறியீடு இருக்கிறது. niftyindices.com தளத்தில் அதன் டி.ஆர்.ஐ எண்கள் இலவசமாகக் கிடைக்கும்.

ஃபண்டு நிஃப்டி 500-க்குப் பின்னால், வேல்யூ 50-யும் நிஃப்டி 500-க்குப் பின்னால் என்றால், காற்று எதிரே அடிக்கிறது என்று அர்த்தம். முத்துக்குமார் சொன்ன 2018–2020 காலம் அப்படிப்பட்டது. வேல்யூ குறியீடே அடி வாங்கியது. அந்த நேரத்தில் மேலாளரைக் குறை சொல்வது தவறு. ஆனால் வேல்யூ குறியீடு முன்னே ஓடிக்கொண்டிருக்க, வேல்யூ ஃபண்டு என்று சொல்லிக்கொள்வது பின்தங்கினால் "ஸ்டைல் எடுபடவில்லை" என்ற விளக்கம் செல்லாது.

ஒரே ஒரு 3 வருட எண்ணை வைத்துத் தீர்ப்பும் சொல்லக்கூடாது. இன்றைய தேதியில் முடியும் 3 வருடம், தொடங்கிய மாதம் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்து ஆடும். ரோலிங் ரிட்டர்ன் போட்டுப் பாருங்கள். amfiindia.com தளத்தில் பழைய என்.ஏ.வி கிடைக்கும். எக்செல்லில் B பத்தியில் ஒவ்வொரு மாதக் கடைசி என்.ஏ.வி, C பத்தியில் அதே நாள் டி.ஆர்.ஐ. தலைப்பு முதல் வரிசையில் இருந்தால், 38-ஆம் வரிசையில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடலாம்:

```
=(B38/B2)^(1/3)-1
=(C38/C2)^(1/3)-1
```

7 வருடத்துக்கு 49 எண்கள் கிடைக்கும். எத்தனை முறை ஃபண்டு முந்தியது, பின்தங்கியபோது எவ்வளவு என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: 49 என்றதும் நிறைய ஆதாரம் இருப்பதுபோலத் தோன்றும். அடுத்தடுத்த எண்கள் ஒரே மாதங்களைத்தான் மீண்டும் மீண்டும் எண்ணுகின்றன. உண்மையில் ஒன்றோடொன்று கலக்காத 3 வருடங்கள் இரண்டுதான் 7 வருடத்தில் உண்டு. அதனால் "49-ல் 30 முறை தோல்வி" என்பதைவிட, தோல்வி எந்தக் காலத்தில் குவிந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

#10 ரேவதி_87

எனக்கும் இதே பிரச்சினைதான். என் இ.எல்.எஸ்.எஸ் ஃபண்டு ரேட்டிங் ஐந்து ஸ்டாரிலிருந்து மூன்றாகிவிட்டது. விற்கப் பார்த்தால் பாதி யூனிட்தான் விற்க முடிகிறது, மீதி பூட்டியிருக்கிறது. எஸ்.ஐ.பி-யை நிறுத்தினால் அபராதம் போடுவார்களா? செல்வம் சாருக்கும் அதனால்தான் தயக்கமா?

#11 முத்துக்குமார்_எம்எஃப்டி

ரேவதி மேடம், செல்வம் சாருடையது ஃப்ளெக்ஸி கேப், அதில் பூட்டு கிடையாது. உங்களுடையதில் ஒவ்வொரு தவணைக்கும் அந்தத் தேதியிலிருந்து 3 வருடம் பூட்டு. அதனால்தான் பழையவை மட்டும் திறந்திருக்கின்றன. எஸ்.ஐ.பி நிறுத்த ஃபண்டு ஹவுஸ் அபராதம் வாங்காது. நிறுத்தச் சொல்லாமல் வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் விட்டால்தான் வங்கி ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும். முறைப்படி ரத்துக் கோரிக்கை கொடுங்கள், அடுத்த தவணைத் தேதிக்குச் சில நாள் முன்பே கொடுங்கள்.

ஸ்டார் ரேட்டிங் குறைந்ததை மட்டும் வைத்து விற்காதீர்கள். அது கடந்த கால ரிட்டர்னையும் ஏற்ற இறக்கத்தையும் வைத்துப் போடும் எண். மேலாளர் நேற்று மாறினாலும் அதில் தெரியாது.

#12 செல்வம்_சிவகாசி

மேடம், கணக்குப் போட்டுவிட்டேன். முதல் பாதி காலத்தில் ஃபண்டு நிஃப்டி 500-ஐப் பெரும்பாலும் முந்தியிருக்கிறது. தோல்வி எல்லாம் கடைசி ஒன்றரை வருடத்தில் முடியும் எண்களில் குவிந்திருக்கிறது. அதே நேரத்தில் வேல்யூ 50 குறியீடு நிஃப்டி 500-க்கு வெகுதூரம் முன்னே இருக்கிறது. அப்படியென்றால் ஸ்டைல் சாக்கு இல்லை, இல்லையா?

#13 நிதிக்கணக்கு_உமா

ஆமாம், அந்தச் சாக்கு செல்லாது. பழைய மேலாளரே தன் ஸ்டைலுக்கு நல்ல காலத்தில் பின்தங்கியிருக்கிறார் என்று தெரிகிறது. ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். வேல்யூ 50 என்பது 50 பங்குகள், பொதுத்துறையும் உலோகமும் கனமாக இருக்கும். எந்த ஃப்ளெக்ஸி கேப் ஃபண்டும் அந்த அளவுக்குக் குவிக்காது. அதனால் வேல்யூ 50-யை முந்தவில்லை என்பது குற்றமல்ல. அது ஓடும்போது நிஃப்டி 500-ஐக்கூடத் தொட முடியவில்லை என்பதுதான் கேள்வி.

ஆனாலும் உங்கள் விஷயத்தில் இது இரண்டாம் பட்சம்தான். பின்தங்கியவர் போய்விட்டார். பழைய 7 வருட வரலாறு, நல்லதும் கெட்டதும், அவரோடு போய்விட்டது. இப்போது பார்க்க வேண்டியது புதியவர் என்ன செய்கிறார் என்பதை. அது எங்கே தெரியும்? மாதாந்திரப் போர்ட்ஃபோலியோவில். மாதம் முடிந்து 10 நாளுக்குள் ஃபண்டு ஹவுஸ் எக்செல் கோப்பாக வெளியிட வேண்டும். மார்ச் கோப்பையும் ஜூலை கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இங்கே பெரும்பாலானோர் தவறுவது சதவீதத்தை மட்டும் பார்ப்பதில். ஒரு பங்கு 6%-லிருந்து 5% ஆனால் விற்றார் என்று அர்த்தமல்ல. விலை இறங்கியிருக்கலாம், அல்லது ஃபண்டுக்குப் புதுப் பணம் வந்ததால் மற்றவற்றின் எடை கூடியிருக்கலாம். அந்தக் கோப்பில் எத்தனை பங்குகள் என்று ஒரு பத்தி இருக்கும். அந்த எண்ணிக்கை குறைந்தால்தான் உண்மையில் விற்றிருக்கிறார். போனஸோ பங்குப் பிரிப்போ நடந்திருந்தால் மட்டும் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

#14 செல்வம்_சிவகாசி

எடுத்துப் போட்டேன். பெரிய ஆறு:

தனியார் வங்கி: மார்ச் 8.9%, ஜூலை 8.2%, பங்கு எண்ணிக்கை மாறவில்லை
அரசு வங்கி: 6.4%, இப்போது 2.1%, எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது
மின் உற்பத்தி: 4.7%, இப்போது இல்லை
கட்டுமானம்: 4.2%, இப்போது 3.9%, எண்ணிக்கை அதேதான்
மருந்து: 3.8%, இப்போது 3.1%, கொஞ்சம் குறைத்திருக்கிறார்
நிலக்கரி: 3.3%, இப்போது இல்லை

புதிதாக வந்தவை: ஒரு சில்லறை விற்பனைச் சங்கிலி 3.6%, ஒரு ஆன்லைன் தளம் 2.9%, இன்னும் சில சிறியவை. ஃபேக்ட் ஷீட்டில் போர்ட்ஃபோலியோவின் பி.இ 16-லிருந்து 24 ஆகியிருக்கிறது.

#15 நிதிக்கணக்கு_உமா

நல்ல வேலை. இனி இதை ஒரு எண்ணாக்கலாம். ஒவ்வொரு பங்குக்கும் இரண்டு மாத எடைகளில் சிறியதை எடுத்துக் கூட்டுங்கள். உங்கள் ஆறில் 8.2, 2.1, 0, 3.9, 3.1, 0. கூட்டினால் 17.3. மார்ச்சில் இந்த ஆறும் 31.3. ஆக மேல்தட்டில் 55% அளவுதான் பழையது மிஞ்சியிருக்கிறது, அதுவும் நான்கு மாதத்தில். இதையே முழுப் பட்டியலுக்கும் செய்யுங்கள். இரண்டு தாளையும் VLOOKUP-ஆல் இணைத்து MIN போட்டால் அரை மணி நேர வேலை.

என் அளவுகோல் இது, விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்: ஆறு மாதத்தில் 65–70%-க்கு மேல் பழையது இருந்தால் புதியவர் தொடர்கிறார். பாதிக்கும் கீழே போனால் அது பெயர் மட்டும் பழைய ஃபண்டு. ஃபேக்ட் ஷீட்டில் போடும் டர்ன்ஓவர் விகிதத்தை இதற்கு நம்பாதீர்கள். அது 12 மாதக் கணக்கு, அதில் பழையவர் காலமும் கலந்திருக்கும். திரும்பும் திசை அதில் தெரியவும் தெரியாது.

எவ்வளவு மாறியது என்பதைப் போலவே எந்தப் பக்கம் மாறியது என்பதும் பார்க்க வேண்டும். ஒரு அரசு வங்கியை விற்று இன்னொரு அரசு வங்கி வாங்கினால் எண் குறையும், ஸ்டைல் மாறாது. உங்கள் ஃபண்டில் மின்சாரமும் நிலக்கரியும் போய்ச் சில்லறையும் ஆன்லைனும் வந்திருக்கின்றன, பி.இ 16-லிருந்து 24-க்கு ஏறியிருக்கிறது. இதுதான் உண்மையான ஸ்டைல் மாற்றம். ஃப்ளெக்ஸி கேப் வகையில் செபி கேட்பது குறைந்தது 65% பங்குகளில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். மலிவா, வளர்ச்சியா என்று விதி கேட்பதில்லை. அதனால் விதிப்படி இது அடிப்படை மாற்றமே இல்லை, உங்களுக்கு எந்தக் கடிதமும் வராது.

#16 முத்துக்குமார்_எம்எஃப்டி

இதில் உமா மேடத்தோடு பாதி ஒத்துப்போகிறேன். மேலாளர் போனதுமே விற்றுவிடுபவர்களுக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் பிரசாந்த் ஜெயின் விலகினார். ஃப்ளெக்ஸி கேப் ரோஷி ஜெயின் கைக்குப் போனது. 19 வருடம் அங்கேயே இருந்தவர் போகிறார் என்று பெரிய பேச்சு. அடுத்த இரண்டு காலண்டர் வருடமும், 2023, 2024, அந்த ஃபண்டு நிஃப்டி 500 டி.ஆர்.ஐ-யை முந்தியது. செய்தி வந்த வாரமே விற்றவர் எதைக் கண்டு விற்றார்?

ஆக, செய்தியைப் பார்த்து விற்காதீர்கள், போர்ட்ஃபோலியோவைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பது சரி. ஆனால் நான்கு மாதம் போதுமா? புதியவர் வந்தவுடன் தனக்கு நம்பிக்கையில்லாத பங்குகளை விற்பது இயல்பு. அந்த மாற்றம் நல்லதற்காகவும் இருக்கலாம்.

#17 நிதிக்கணக்கு_உமா

நல்லதற்காகவே இருக்கலாம், மறுக்கவில்லை. புதியவர் அடுத்த 5 வருடம் எல்லாரையும் முந்தலாம். செல்வம் சார் வாங்கியது மலிவு விலைப் பங்கு ஃபண்டு. அவருடைய மற்ற ஃபண்டுகளில் ஏற்கெனவே வளர்ச்சிப் பங்குகள் இருந்தால், இப்போது இதுவும் அதே ஆகிவிட்டது. வாங்கிய காரணம் போய்விட்டது என்றால் விற்க அது போதும். புதியவர் கெட்டவர் என்று நிரூபிக்கத் தேவையில்லை.

எனக்கு நான்கு மாதம் போதாது என்று தோன்றுவது ஒரே இடத்தில்தான்: மாற்றம் இன்னும் நடந்துகொண்டிருந்தால். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பங்கு எண்ணிக்கைகள் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று பாருங்கள்.

#18 தஞ்சை_ரகு

இவ்வளவு கணக்கு எதற்கு? விற்றுவிட்டு நிஃப்டி 500 இண்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள். மேலாளர் மாற்றம், ஸ்டைல் மாற்றம், கமிஷன் எல்லாக் கவலையும் ஒரே நாளில் முடிந்தது.

#19 பாலா_கோவை

ரகு அண்ணா சொல்வதுதான் சரி. ஆனால் வரிதான் இடிக்கிறது. லாபம் 4 லட்சம், 12.5% என்றால் 50,000 போய்விடும். வரி கட்டுவதைவிட வைத்திருப்பதே மேல்.

#20 நிதிக்கணக்கு_உமா

வரிக் கணக்கைச் சரியாகப் போட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 2024 ஜூலை 23-க்குப் பிறகான விகிதப்படி, ஒரு வருடம் தாண்டிய பங்கு ஃபண்டு லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு முதல் 1.25 லட்சத்துக்கு வரியில்லை. மீதிக்கு 12.5%, அதன் மேல் 4% செஸ். ஆக 13%.

4 லட்சத்தில் 1.25 கழித்தால் 2.75 லட்சம். அதற்கு வரி 35,750. கையில் 9,64,250.

இப்போது பாலா கேட்பது, அந்த 35,750 நஷ்டம் இல்லையா என்று. முழுவதும் நஷ்டம் இல்லை, ஏனென்றால் இன்று கட்டாவிட்டால் என்றோ ஒருநாள் கட்டத்தான் வேண்டும். இன்று விற்றால் புது ஃபண்டில் உங்கள் கொள்முதல் விலை 6 லட்சத்திலிருந்து 9.64 லட்சமாக ஏறுகிறது, அடுத்த முறை வரி குறைகிறது. இரண்டையும் 5 வருடம் ஆண்டுக்கு 12% வளர்த்துப் பாருங்கள், இரண்டிலும் கடைசியில் விற்று வரி கட்டியதாக வைத்துக்கொள்வோம்.

விற்காமல் இருந்தால்: 10 லட்சம் 17.62 லட்சமாகும். வரி போகக் கையில் 16.27 லட்சம்.
இன்று மாறினால்: 9.64 லட்சம் 16.99 லட்சமாகும். வரி போகக் கையில் 16.20 லட்சம்.

வித்தியாசம் 7,500 ரூபாய்க்கும் கீழே. புது ஃபண்டு ஆண்டுக்கு 12-க்குப் பதில் 12.12 கொடுத்தாலே ஈடாகிவிடும்.

இந்தக் கணக்கு இவ்வளவு இனிமையாக வருவதற்கு ஒரு காரணம், மாறும் வருடத்தின் 1.25 லட்சம் விலக்கு முழுதும் இதற்குக் கிடைப்பது. மாறாதவருக்கு அது இந்த வருடம் வீணாகிறது. வேறு ஃபண்டு, பங்கு விற்று இரண்டு வருட விலக்கையும் ஏற்கெனவே தீர்த்துவிடுபவருக்கு வித்தியாசம் 34,500 வரை போகும், புது ஃபண்டு ஆண்டுக்கு அரை சதவீதம் கூடுதலாகத் தர வேண்டியிருக்கும். அதுகூடத் தாங்கக்கூடியதுதான். ரெகுலரிலிருந்து டைரக்டுக்குப் போனாலே செல்வம் சாருக்கு 0.9% மிச்சம்.

#21 முத்துக்குமார்_எம்எஃப்டி

கணக்கு சரி. ஒன்று சேர்க்கிறேன். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு அதே ஃபண்டுக்குள் மாறினாலும் விற்று வாங்கியதாகத்தான் வரி. ஒரே ஃபண்டு ஹவுஸின் இன்னொரு திட்டத்துக்கு ஸ்விட்ச் போட்டாலும் அப்படியே. "ஸ்விட்ச்தானே" என்று வரிக் கணக்கில் காட்டாமல் விடுபவர்கள் உண்டு.

கடைசி 12 தவணையைத் தொடாதீர்கள். அவற்றுக்கு லாபத்தில் 20% வரி, பெரும்பாலான ஃபண்டுகளில் 1% எக்ஸிட் லோடும். எஸ்.ஐ.பி-யை இன்றே நிறுத்துங்கள். பழைய யூனிட் முதலில் போகும் என்பதால், ரூபாயாகப் போடாமல் யூனிட் எண்ணிக்கையாகப் போட்டால் குழப்பம் வராது. ஒரு வருடம் தாண்டிய யூனிட் எத்தனை என்று கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் அறிக்கையில் பார்த்து அதை மட்டும் போடுங்கள். "முழுவதும்" என்ற கட்டத்தைத் தவறியும் தொட்டுவிடாதீர்கள். மீதி 12 தவணை மாதாமாதம் ஒவ்வொன்றாக வயது தாண்டும், அப்போது எடுக்கலாம்.

அவசரமில்லை என்றால் இரண்டு நிதியாண்டாகப் பிரிக்கலாம். மார்ச் கடைசி வாரத்துக்கு முன் 2 லட்சம் லாபம் வரும் அளவு, ஏப்ரலில் மீதி. வரி 35,750-க்குப் பதில் 19,500. பழைய யூனிட்களில்தான் லாபம் அதிகம். அதனால் முதல் தடவை விற்கும் தொகை பாதி மதிப்புக்கும் குறைவாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். மார்ச் 31-க்கு விட்டுவைக்காதீர்கள். மாலை 3 மணிக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த வேலை நாள் என்.ஏ.வி, அது அடுத்த நிதியாண்டாகிவிடும்.

#22 தஞ்சை_ரகு

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஏன் இண்டெக்ஸ் இல்லை?

#23 நிதிக்கணக்கு_உமா

தவறு என்று சொல்லவில்லை ரகு. நிஃப்டி 500 சந்தை மதிப்புப்படி எடை போடும் குறியீடு. அதில் செல்வம் சார் தேடிய மலிவு விலைச் சாய்வு கிடைக்காது. வேல்யூ குறியீட்டையே பின்பற்றும் ஃபண்டுகளும் உண்டு. ஆனால் நான் மேலே சொன்ன குவிப்பு அதில் முழுக்க இருக்கும், 2018–2020 போன்ற காலத்தில் தாங்கிக்கொள்ள வேண்டும்.

#24 தஞ்சை_ரகு

சாய்வே தேவையில்லை என்பதுதான் என் வாதம். அந்தச் சாய்வுக்காக ஒரு மேலாளரைத் தேடி, அவர் போனதும் இன்னொருவரைத் தேடி, ஒவ்வொரு முறையும் வரி கட்டி... இந்த இழையே அதற்குச் சாட்சி.

#25 முத்துக்குமார்_எம்எஃப்டி

2020-ல் சாய்வு தேவையில்லை என்றவர்கள் 2022-ல் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். இதில் உடன்படப் போவதில்லை, விட்டுவிடுவோம்.

#26 ரேவதி_87

நடுவில் ஒரு சந்தேகம். என்னிடம் ஒரு ஸ்மால் கேப் ஃபண்டும் இருக்கிறது. பணம் நிறையக் குவிந்துவிட்டது, பெரிய பங்குகளும் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதுவும் ஸ்டைல் மாற்றம்தானா?

#27 நிதிக்கணக்கு_உமா

இது நல்ல கேள்வி ரேவதி. ஸ்மால் கேப் ஃபண்டு 65% மட்டும் சந்தை மதிப்பில் 251-ஆவது இடத்திலிருந்து கீழே உள்ள நிறுவனங்களில் வைத்தால் போதும். மீதி 35% எங்கு வேண்டுமானாலும் போகலாம். சொத்து பெருகும்போது சிறிய பங்குகளில் விலையைத் தூக்காமல் வாங்க முடியாது. அதனால் அந்த 35% முதலில் பணமாக, பிறகு மிட்கேப்பாக, பெரிய பங்காக மாறும். விதி மீறலே இல்லாமல் ஃபண்டின் குணம் மாறிவிடும்.

கண்டுபிடிக்க இரண்டு இடம். போர்ட்ஃபோலியோவில் ரொக்கமும் பெரிய பங்குகளும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்று ஒரு வருடத்துக்கு முன்னும் இப்போதும் பாருங்கள். ஆம்ஃபி பட்டியல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். அதனால் பழைய ஸ்மால் கேப் ஒன்று வளர்ந்து மிட்கேப் ஆகியிருந்தால் அதை மேலாளர் தலையில் போடாதீர்கள். இரண்டாவது, 2024 மார்ச்சிலிருந்து ஸ்மால், மிட்கேப் ஃபண்டுகள் மாதாமாதம் வெளியிடும் அழுத்தச் சோதனை. போர்ட்ஃபோலியோவில் 25%, 50% விற்க எத்தனை நாளாகும் என்று அதில் போடுவார்கள். நாள் எண்ணிக்கை தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் ஃபண்டு தன் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. திடீரென்று குறைந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம், பெரிய பங்குகளுக்கு மாறியதால்கூடக் குறையும்.

#28 செல்வம்_சிவகாசி

முழுப் பட்டியலுக்கும் கணக்குப் போட்டேன். 46% தான் பழையது. எஸ்.ஐ.பி ரத்துக் கோரிக்கை இன்று கொடுத்துவிட்டேன். மற்ற இரண்டு ஃபண்டையும் பார்த்தேன், உமா மேடம் சொன்னதுபோல இரண்டுமே வளர்ச்சிப் பங்குகள்தான். ஆகஸ்ட் கோப்பையும் பார்த்துவிட்டு விற்பதாக இருக்கிறேன். எங்கு மாற்றுவது என்பதில் ரகு அண்ணாவும் முத்துக்குமார் அண்ணாவும் என்னை நன்றாகவே குழப்பிவிட்டீர்கள்.

ஒரு கேள்வி மட்டும். மேலாளர் மாறிய அறிவிப்பில் இன்னொரு இணை மேலாளர் பெயரும் இருக்கிறது. அவர் பழையவர் காலத்திலிருந்தே இருப்பவர். அதனால் ஸ்டைல் தொடரும் என்று வங்கிக்காரர் சொல்கிறார்.

#29 நிதிக்கணக்கு_உமா

பல ஃபண்டுகளில் இரண்டாவது பெயர் வெளிநாட்டுப் பங்குகளுக்கோ கடன் பத்திரப் பகுதிக்கோ மட்டும் இருக்கும். ஃபேக்ட் ஷீட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே எந்தப் பகுதி, எந்தத் தேதியிலிருந்து என்று போட்டிருப்பார்கள். பங்குப் பகுதி என்று இருந்தால் அவர் தனியாக நடத்தும் வேறு ஃபண்டு உண்டா என்று தேடி, அதன் போர்ட்ஃபோலியோவையும் உங்கள் ஜூலை கோப்பையும் ஒப்பிடுங்கள். ஆகஸ்ட் கோப்பு செப்டம்பர் 10-க்குள் வந்துவிடும். மின்சாரமும் நிலக்கரியும் திரும்ப வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.